இடையில் முழு நலத்தோடு இருக்கும் குழந்தைக்கு ஏன் திரும்பத் திரும்ப வாந்தி?

கேள்வி: என் மகளுக்கு ஏழரை வயது, எடை 22 கிலோ. ஐந்து வயதிலிருந்தே அவளுக்கு இப்படி வருகிறது. விடியற்காலை நான்கு மணி வாக்கில் எழுந்து உட்காருவாள். முகம் வெளுத்து, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வாந்தி. முதலில் சாப்பிட்டது வரும், அப்புறம் மஞ்சளாகவும் சில சமயம் பச்சையாகவும் வரும். நர்சிங் ஹோமில் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். மறுநாள் மாலை தூங்கி எழுந்து தோசை கேட்பாள், எதுவுமே நடக்காததுபோல ஓடியாடுவாள். கடந்த ஓராண்டில் எட்டு முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஃபுட் பாய்சன், கேஸ், அசிடிட்டி என்று ஏதாவது சொல்கிறார்கள். ஸ்கேன் நார்மல். இப்போது எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார்கள். மாமியார் குடல் ஏறியிருக்கிறது என்கிறார். ஆண்டு விழாவுக்கு முந்தைய நாளும் பரீட்சை சமயத்திலும் வந்ததால், பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்கிறார் கணவர். முட்டை, பால், சாக்லேட், ஓட்டல் சாப்பாடு எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்துவிட்டேன். ஓர் உறவினர் இது மைக்ரேனாக இருக்கலாம் என்றார். எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து ஒற்றைத் தலைவலி உண்டு. ஆனால் இவளுக்குத் தலைவலியே கிடையாதே? மழைக்காலத்தில் மட்டும் வீசிங் வந்து நெபுலைசர் வைப்போம். வேறு தொந்தரவு இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர், சென்னை

பதில் (குழந்தைகளுக்கான இரைப்பை, குடல் நோய் மருத்துவர்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் உறவினரின் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த முடிவை உறுதியாக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சில பரிசோதனைகள் இன்னும் செய்யப்படவில்லை. அல்லது செய்யப்பட்டவை பொருத்தமில்லாத நேரத்தில் செய்யப்பட்டிருக்கின்றன. அவை என்ன, எப்போது, ஏன் என்பதைத்தான் இந்தப் பதிலில் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும் குழந்தைகளை நாங்கள் முதலில் வாந்தியின் நடையை வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். முதல் வகைக் குழந்தை ஏறக்குறைய நாள்தோறும் வாந்தி எடுக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஓரிரு முறைக்கு மேல் போகாது. பசி மந்தமாக இருக்கும், நல்ல நாள் என்று முழுதாக ஒன்று அமையாது. இதற்குக் காரணம் பெரும்பாலும் இரைப்பையிலோ குடலிலோதான் கிடைக்கும்: அமிலம் மேலேறுதல், இரைப்பை அழற்சி, உணவு ஒவ்வாமை போன்றவை. இரண்டாம் வகைக் குழந்தை வாரக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென ஒரு நாள் மணிக்கு நான்கு முறைக்கும் மேல் வாந்தி எடுத்துச் சுருண்டுவிடும். பிறகு வந்த சுவடு தெரியாமல் எழுந்துவிடும். இந்த வகையில் காரணம் குடலுக்கு வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மூளை, சிறுநீரகம், உடலின் வளர்சிதை மாற்றம் ஆகிய மூன்று இடங்களிலும் தேட வேண்டியிருக்கும். உங்கள் மகள் ஐயத்துக்கு இடமின்றி இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். தோசை கேட்டு எழும் அந்த மாலையும் அதன் பிறகு வரும் நல்ல வாரங்களும்தான் நோயை இனம் காட்டுகின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பணி மருத்துவர் அவசரத்தில் அவளைப் பார்ப்பதால், அவர்கள் கண்ணில் படுவது வாந்தி எடுக்கும் அந்த ஒரு நாள் மட்டுமே. அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் ஃபுட் பாய்சன் என்று எழுதுவது இயல்புதான்.

இந்த இரண்டாம் வகையில் வேறு காரணம் எதுவும் இல்லையென்று உறுதியானால், அதற்கு சைக்ளிக் வாமிட்டிங் சிண்ட்ரோம் என்று பெயர். சுழற்சி வாந்தி என்று இங்கே குறிப்பிடுகிறேன். 1882-லேயே சாமுவேல் கீ என்ற லண்டன் மருத்துவர் இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். ஆறு ஆண்டுகள் கழித்து, கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடும் சீலியாக் நோயை விவரித்தவரும் அவரே. இன்று நாங்கள் பயன்படுத்தும் வரையறை கடினமானதன்று. குறைந்தது ஐந்து முறையோ, ஆறு மாதத்துக்குள் மூன்று முறையோ வந்திருக்க வேண்டும். உச்சத்தில் மணிக்கு நான்கு முறையாவது வாந்தி வர வேண்டும். ஒரு தடவை என்பது ஒரு மணி நேரத்திலிருந்து பத்து நாட்கள் வரை நீடிக்கலாம். இரண்டுக்கும் இடையே ஒரு வாரமாவது இடைவெளி இருந்து, அந்த இடைவெளியில் குழந்தை முழு நலத்தோடு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு தடவையும் முந்தையதன் நகல்போல இருக்க வேண்டும்: அதே நேரம், அதே தொடக்கம், அதே அளவு நீளம். உங்கள் கடிதத்தில் இவை அத்தனையும் இருக்கின்றன. மீதமிருப்பது, வேறு நோய் எதுவும் இல்லை என்ற கடைசி நிபந்தனை மட்டுமே.

தலைவலி இல்லாத மைக்ரேன்

மைக்ரேன் என்பது மூளையின் எளிதில் கிளர்ச்சியுறும் தன்மையிலிருந்து வருவது. தலைவலி அதன் ஒரு வெளிப்பாடு மட்டுமே, எல்லா வயதிலும் அதுவே முதலில் வர வேண்டும் என்பதில்லை. உலக அளவில் தலைவலி நோய்களை வகைப்படுத்தும் பட்டியலில், மைக்ரேனோடு தொடர்புடைய விட்டு விட்டு வரும் நிலைகள் என்ற பிரிவில் சுழற்சி வாந்தியும் வயிற்று மைக்ரேனும் முறையாக இடம்பெற்றிருக்கின்றன. வயிற்று மைக்ரேனில் தொப்புளைச் சுற்றி வரும் மந்தமான வலி முதன்மையாக இருக்கும், இரண்டு மணி நேரத்திலிருந்து மூன்று நாட்கள் வரை நீடிக்கும், வாந்தி வந்தாலும் அது துணைக் குறிதான். உங்கள் மகளிடம் வாந்தி முன்னால் நிற்பதால் சுழற்சி வாந்தி என்கிறேன். இரண்டும் சில குழந்தைகளிடம் கலந்தும் வரும், தடுப்பு மருந்துகளும் பெருமளவு ஒன்றே என்பதால் இந்தப் பெயர் வேறுபாட்டுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

வெளுத்த முகம், ஊறும் எச்சில், வெளிச்சமும் பேச்சும் பிடிக்காமல் இருட்டறையில் சுருண்டு கிடத்தல், தூங்கி எழுந்ததும் தெளிந்துவிடுதல் ஆகியவற்றை உங்களுக்கு ஒற்றைத் தலைவலி வரும் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றுமை உங்களுக்கே தெரியும். வெளிச்சத்தையும் சத்தத்தையும் பற்றி நீங்கள் எழுதவில்லை, அடுத்த முறை கவனியுங்கள். எச்சிலை அவளால் விழுங்க முடியாததற்குக் காரணம் கடுமையான குமட்டல். இந்த நோயில் குமட்டல் வாந்தி எடுத்த பின்னும் தணிவதில்லை. அஜீரணத்தில் வாந்தி எடுத்ததும் ஒரு நிம்மதி கிடைக்குமே, அது இதில் கிடையாது. பேசாமல், கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடப்பதைப் பார்த்து மயக்கம் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது குமட்டலை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பதுதான். ஆனாலும் தொட்டு எழுப்பினால் அவள் உங்களை அடையாளம் காண வேண்டும்.

நேரம் ஏன் நான்கு மணி என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. விடிவதற்கு முன் உடல் விழிப்புக்குத் தயாராகும்போது மூளையிலிருந்து அழுத்த ஹார்மோன்களைத் தூண்டும் சமிக்ஞை இயல்பாகவே உயர்கிறது. அந்தச் சமிக்ஞைக்கு இரைப்பையின் இயக்கத்தைக் குலைக்கும் தன்மையும் உண்டு. எளிதில் தூண்டப்படும் மூளையுள்ள குழந்தைக்கு அந்த ஏற்றமே வாந்தியைத் தொடங்கி வைக்கலாம் என்று கருதப்படுகிறது. இந்த நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களில் மைக்ரேன் பரவலாகக் காணப்படுகிறது. அதிலும் தாய் வழியில் கூடுதலாக இருப்பதால், உயிரணுக்களுக்கு ஆற்றல் தருவதும் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவதுமான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு மாறுபாடுகளுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். இந்த வரியை வைத்து வீட்டில் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். உங்கள் தலைவலி, நோயை இனங்காண எங்களுக்குக் கிடைத்த ஒரு தடயம், அவ்வளவுதான்.

மாமியாரும் கணவரும் சொல்வது

குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை நீவிவிட்டதும் வாந்தி நின்றதாக உங்கள் மாமியார் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. இந்த நோய் உங்கள் மகளிடம் ஒன்றரை நாளில் தானாக ஓய்கிறது. ஆகவே கடைசியாக என்ன செய்தோமோ அதற்கே பெருமை போய்விடும். நீவியதற்கும் போகும், மந்திரித்த கயிற்றுக்கும் போகும், எங்கள் டிரிப்ஸுக்கும்கூடப் போகும். ஆனால் வாந்தி எடுக்கும் குழந்தையின் வயிற்றை அழுத்தி நீவுவதை நிறுத்திவிடுங்கள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கும் அரிதான குழந்தைக்கு அது ஆபத்தாகவும் முடியலாம், சிகிச்சை கிடைக்க வேண்டிய மணி நேரங்களும் வீணாகும்.

உங்கள் கணவருக்கு நான் சொல்ல விரும்புவது இது. தூக்கத்திலிருந்து விடியற்காலை எழுந்து, முகத்தின் நிறத்தையே மாற்றிக்கொண்டு, மணிக்கு ஆறு முறை வாந்தி எடுக்க எந்தக் குழந்தையாலும் நடிக்க முடியாது. பரீட்சைக்கு முன் வந்தது உண்மைதான். ஆண்டு விழாவுக்கு முன்னும் வந்திருக்கிறது, அதை அவள் ஆவலோடு காத்திருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். பயம் மட்டுமல்லாமல் மகிழ்ச்சியான பரபரப்பும் இந்த நோயைத் தூண்டும். பிறந்த நாள், தீபாவளி, ஊருக்குப் புறப்படும் நாள் ஆகியவற்றில் வந்ததாகப் பல பெற்றோர் சொல்வார்கள். தூக்கம் கெடுதல், சளிக் காய்ச்சல், நீண்ட பயணம், நேரத்துக்குச் சாப்பிடாமை ஆகியவையும் தூண்டுதல்களே. மன அழுத்தம் ஒரு நோயைத் தூண்டுகிறது என்பதற்கும் அந்த நோய் மனத்தால் உண்டாக்கப்படுகிறது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் புரிந்துகொள்ள வேண்டும். நடிக்கிறாய் என்று பிறர் சொல்லக் கேட்கும் குழந்தை அடுத்த வாந்தியைப் பற்றி முன்கூட்டியே அஞ்சத் தொடங்கும், அந்த அச்சமும் ஒரு தூண்டுதலாகிவிடும்.

நீங்கள் செய்ததிலும் ஒரு திருத்தம் வேண்டும். முட்டை, பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்தியும் எட்டு முறை வந்திருக்கிறது என்றால், அந்த உணவுகள் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அவற்றைத் திரும்பக் கொடுங்கள். சாக்லேட்டை மட்டும் சில குழந்தைகளிடம் தூண்டுதலாகக் காண்கிறோம், அதையும் நாட்குறிப்பில் எழுதிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். உணவைக் குறைத்தால் வேறொரு தீங்கு உண்டு. வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் உடல் கொழுப்பை எரித்து கீட்டோன்களை உண்டாக்கும், கீட்டோன்கள் குமட்டலைக் கூட்டும். சிறுநீரில் கீட்டோன் இருக்கிறது என்று முன்பு யாராவது எழுதியிருந்தால், அது பெரும்பாலும் பட்டினியின் விளைவு. ஆனால் வாந்தி தொடங்கும்போதே கீட்டோன் மிக அதிகமாக இருந்தால் அது தனிச் செய்தி, அதற்குப் பரிசோதனை வேண்டும். இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் வழக்கம் இருந்தால், படுக்கும் முன் ஒரு கோப்பை பாலும் இரண்டு பிஸ்கட்டும் போல ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

எண்டோஸ்கோபிக்கு முன்

உங்கள் மகளுக்கு முதல் பரிசோதனையாக எண்டோஸ்கோபி வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரத்த வாந்தி, இடைநாட்களிலும் வயிற்று வலி, எடை குறைதல் போன்றவை இருந்தால் அதற்கு இடம் உண்டு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. இருபது முறை வாந்தி எடுத்த மறுநாள் உள்ளே பார்த்தால் இரைப்பை சிவந்துதான் இருக்கும். அது வாந்தியால் வந்த சிவப்பு. அதையே காரணமாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

என்னை உங்கள் கடிதத்தில் நிறுத்தி யோசிக்க வைத்த சொல் ‘பச்சை’. பல முறை வாந்தி எடுத்தால் கடைசியில் பித்த நீர் வருவது இயல்பு, அது மஞ்சளாக இருக்கும், சிலருக்குப் பச்சையாகவும் வரும். ஆயினும் பிறப்பிலேயே குடல் சரியான இடத்தில் அமராமல், அவ்வப்போது முறுக்கிக்கொண்டு தானே விடுபடும் குழந்தைக்கும் இதே போன்ற படம் தோன்றலாம்: பச்சை வாந்தி, இடையில் நலம். ஒரு நாள் அந்த முறுக்கு விடுபடாமல் போனால் குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். இதைக் கண்டறியும் முறை, மருந்து குடிக்க வைத்து இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் எடுக்கும் எக்ஸ்ரே. வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும், அவள் நலமாக இருக்கும் நாளிலேயே எடுக்கலாம். வழக்கமான ஸ்கேன் நார்மல் என்பதை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. எண்டோஸ்கோபியும் இதை நம்பகமாகக் காட்டாது. சுழற்சி வாந்தி என்று ஐயப்படும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் படத்தை எடுக்கச் சொல்வது எங்கள் நடைமுறை.

மற்றவை வாந்தி நடக்கும் நாளில் பார்க்க வேண்டியவை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க் குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு இருந்தால், சிறுநீரகம் அவ்வப்போது வீங்கி வலியும் வாந்தியும் வரும், பிறகு வடிந்துவிடும். வடிந்த பின் எடுக்கும் ஸ்கேன் ஏறக்குறைய இயல்பாகத் தெரியலாம். ஆகவே உங்கள் பழைய ஸ்கேன் எந்த நாளில் எடுத்தது என்று பாருங்கள். நலமாக இருந்த நாளில் எடுத்திருந்தால், அடுத்த வாந்தியின்போது சிறுநீரகத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லி இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

இரத்தத்திலும் அதே கதைதான். புரதத்தையோ கொழுப்பையோ உடைக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் சளி, காய்ச்சல், பட்டினி வரும்போது மட்டும் வாந்தியோடு சோர்ந்துவிடுவார்கள். அப்போது இரத்தத்தில் அம்மோனியா ஏறியோ சர்க்கரை இறங்கியோ இருக்கும். டிரிப்ஸில் சர்க்கரை ஏறியதும் அவை சரியாகத் தொடங்கும், இடைநாட்களில் எல்லாம் இயல்பாகக் காட்டலாம். அதனால் ஊசி குத்தி டிரிப்ஸ் போடும் அதே குழாயிலிருந்து, நீர் ஏற்றும் முன் இரத்தம் எடுத்து சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், கிரியாட்டினின், அம்மோனியா, லாக்டேட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முதலில் வரும் சிறுநீரில் கீட்டோனும் பார்த்து, ஒரு பகுதியை ஆர்கானிக் அமிலப் பரிசோதனைக்காக எடுத்து வைக்கலாம். அம்மோனியா மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் எண் பொய்யாக உயர்ந்து வீண் பீதியைத் தரும். எல்லா நர்சிங் ஹோமிலும் இது நடக்காது, நடக்கும் இடத்தை முன்பே விசாரித்து வையுங்கள். எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் மருத்துவமனை பெரம்பூரிலிருந்து அதிகத் தொலைவு இல்லை. பரிசோதனைக்காக டிரிப்ஸைத் தள்ளிப்போடவும் கூடாது. உங்கள் மகள் பருப்பையும் முட்டையையும் தானாகவே வெறுத்து ஒதுக்குபவளா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், புரதத்தை உடைக்க முடியாத சில குழந்தைகள் அப்படி இருப்பதுண்டு.

மூளையில் கட்டி இருக்குமோ என்ற பயம், நீங்கள் எழுதாவிட்டாலும், இருக்கும். காலை வாந்தி அதற்கும் அடையாளம்தான். ஆனால் அதில் வாந்தி வரவர நெருங்கி வரும். நடையில் தடுமாற்றம், மாறுகண், இரட்டைப் பார்வை, தலையை ஒரு பக்கம் சாய்த்தல், கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது சேரும். இரண்டரை ஆண்டுகளாக ஒரே நடையில் வந்து முழுதாகத் தெளிவது அதன் இயல்பன்று. மருத்துவர் நரம்புப் பரிசோதனை செய்து கண்ணின் உட்புறத்தை ஒரு முறை பார்த்தால் போதும். அதில் ஐயம் இருந்தால் மட்டுமே எம்.ஆர்.ஐ.

அடுத்த முறை எழுந்தவுடன்

இந்த நோயில் முதல் ஒரு மணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது. எச்சில் ஊறி முகம் வெளுத்து, ஆனால் வாந்தி இன்னும் தொடங்காத அந்தச் சிறு இடைவெளியில், நாக்கில் வைத்தால் கரையும் ஒண்டான்செட்ரான் மாத்திரையைக் கொடுக்கலாம். அவளுடைய எடைக்கு 4 மில்லிகிராம் வழக்கமான அளவு. உங்கள் மருத்துவரின் சீட்டோடு முன்பே வாங்கி வையுங்கள். விளக்கை அணைத்து, பேச்சைக் குறைத்து, தூங்க விடுங்கள். தூங்கிவிட்டால் பல முறை அதோடு முடியும். வாந்தி தொடங்கிய பின் வாய்வழி மருந்து நிற்காது. இரண்டு மணி நேரம் கட்டுக்கடங்காமல் போனால், மாலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

அங்கே தேவைப்படுவது சர்க்கரை கலந்த உப்பு நீர், நரம்பு வழியாக ஒண்டான்செட்ரான், அமைதியான இருட்டறை ஆகியவையே. சுழற்சி வாந்திக்கு ஒண்டான்செட்ரானை வழக்கத்தைவிடக் கூடுதலாக, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் வரை கொடுப்பதுண்டு. தேவைப்பட்டால் தூக்கம் தரும் மருந்தும் சேர்ப்பார்கள். மெட்டோகுளோபிரமைடு ஊசியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்கு அதனால் கண்கள் மேலே செருகி, கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், அதை வலிப்பு என்று நினைத்து வேறு சிகிச்சைகள் தொடங்கிவிடும். நோயின் பெயர், அவள் எடை, எடுக்க வேண்டிய இரத்தம், கொடுக்க வேண்டிய மருந்து, தவிர்க்க வேண்டிய மருந்து ஆகியவற்றை உங்கள் மருத்துவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், நள்ளிரவில் பணியில் இருக்கும் புதிய மருத்துவரிடம் நீங்கள் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.

ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோலவே இருப்பது இந்த நோயின் குணம் என்றேன். ஆகவே அந்த ஒழுங்கு மாறினால் அதை இந்த நோய் என்று எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். முதல் வாந்தியே அடர் பச்சையாக இருப்பது, வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, இரத்தம் கணிசமாக வருவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, எழுப்பினாலும் குழப்பமாகப் பேசுவது, அதிகக் காய்ச்சல், வழக்கமான ஒன்றரை நாளைத் தாண்டுவது ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள் அல்லது நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வராமல் தடுக்கும் மருந்து

ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்து, ஒவ்வொரு முறையும் டிரிப்ஸ் தேவைப்படும் குழந்தைக்குத் தினசரித் தடுப்பு மருந்து கொடுப்பது நியாயமானது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து வயதுக்குக் கீழே சைப்ரோஹெப்டடின் என்ற மருந்தைத் தேர்ந்தெடுப்போம், பசியைத் தூண்டி எடையைக் கூட்டுவது அதன் பக்க விளைவு. உங்கள் மகள் வயதில் முதல் தேர்வு அமிட்ரிப்டிலின். இது மனச்சோர்வுக்கான பழைய மருந்து என்று மருந்துக் கடையிலோ இணையத்திலோ படித்துவிட்டு, குழந்தைக்கு மனநோய் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார் என நினைக்கும் பெற்றோர் உண்டு. மைக்ரேனைத் தடுக்க அதைவிடக் குறைந்த அளவில் நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து இது. இரவில் சுமார் 5 மில்லிகிராமில், அதாவது 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதியில் தொடங்கி, ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை மெதுவாகக் கூட்டி, எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டிக் கொண்டு செல்வோம். அதற்கும் குறைவிலேயே பலன் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வோம்.

தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. கட்டாயம். இந்த மருந்து இதயத் துடிப்பின் மின் இடைவெளி ஒன்றைச் சற்று நீட்டும், ஒண்டான்செட்ரானும் அதையே செய்யும். பிறவியிலேயே அது நீண்டிருக்கும் குழந்தைக்கு இரண்டும் சேர்வது ஆபத்து. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென மயங்கி விழுந்து இறந்ததுண்டா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். காலையில் தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல் ஆகியவை முதல் சில நாட்களில் வரலாம். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தான மருந்து என்பதால், வீட்டில் வேறு சிறு குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். பலனை இரண்டு மாதம் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும், முதல் வாரத்திலேயே ஒரு தடவை வந்துவிட்டால் மருந்து தோற்றது என்று பொருளில்லை. முழுதாக நிற்காவிட்டாலும் இடைவெளி நீண்டு, வரும்போது டிரிப்ஸ் தேவைப்படாமல் போனால் அது நல்ல பலனே.

மைக்ரேனுக்கு உங்களுக்கே யாராவது புரோப்ரனலால் கொடுத்திருக்கலாம், அது சுழற்சி வாந்திக்கும் பயன்படும். ஆனால் மழைக்காலத்தில் வீசிங் வரும் உங்கள் மகளுக்கு அது கூடாது, மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடும். உங்கள் மாத்திரையை உடைத்து அவளுக்குக் கொடுத்துப் பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். மருந்து வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு கோஎன்சைம் க்யூ10, ரிபோஃப்ளேவின் ஆகிய சத்து மாத்திரைகளை முதலில் முயன்று பார்க்கலாம். இவற்றுக்குச் சான்று குறைவு, பக்க விளைவும் குறைவு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸ் ஏற்றும் நிலையில் நான் இவற்றைத் துணையாகத்தான் வைப்பேன்.

பள்ளிக்கு ஒரு மருத்துவச் சான்று வாங்கிக் கொடுங்கள். அதில் நோயின் பெயரும், முன்னறிவிப்பில்லாமல் ஓரிரு நாள் வர முடியாமல் போகும் என்பதும், பரீட்சை நாளில் வந்தால் மறுதேர்வு தர வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கட்டும். காலையில் சாப்பிடாமல் வந்தால் வகுப்பிலேயே ஏதாவது சாப்பிட அனுமதிக்கவும் கேளுங்கள்.

இது வாழ்நாள் முழுவதும் இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளரிளம் பருவத்தை ஒட்டி வாந்தி குறைந்து நின்றுவிடுகிறது. அவர்களில் பலருக்கு அதன் இடத்தில் உங்களைப்போல மைக்ரேன் தலைவலி வருகிறது, அதற்கு அப்போது நல்ல மருந்துகள் இருக்கும். ஓராண்டு வாந்தியில்லாமல் இருந்தால் அமிட்ரிப்டிலினைக் குறைத்துப் பார்க்கலாம். பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், பள்ளி திறக்கும் மாதத்திலோ தேர்வுக் காலத்திலோ அதைத் தொடங்க வேண்டாம்.